உதறுகிறவர் தூங்குகிறார், பக்கத்தில் படுத்தவர் விழித்திருக்கிறார்

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் கணவருக்கு 63 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருடமாகத் தூக்கத்தில் காலை உதறுகிறார். கட்டைவிரல் மேலே நிமிரும், பாதம் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அரை நிமிடம் கழித்து மறுபடியும் அதேபோல. அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை, எனக்குத்தான் தூக்கம் போய்விடுகிறது. தூக்க ஆய்வு எடுத்தோம். மணிக்கு 38 முறை, 'கடுமையானது' என்று வந்திருக்கிறது. பிரமிபெக்சோல் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடைக்காரர் அது பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரை என்றதும் பயந்து, இன்னும் ஆரம்பிக்கவில்லை. இதுதான் 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' என்கிற நோயா? எனக்கும் 54 வயதாகிறது, சாயங்காலமானால் கால் குடைச்சல் உண்டு. எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்பதால் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. மாத்திரையை அவருக்குக் கொடுக்கலாமா? ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் இணைத்திருக்கிறேன்.
வாசகி, திருநெல்வேலி

அம்மா, முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை அவசரமாக ஆரம்பிக்க எந்தக் காரணமும் இல்லை. எழுதிக் கொடுத்த டாக்டரை மறுபடி பார்க்கும்வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும். கடைக்காரர் சொன்னதில் தவறில்லை, ஆனால் அது பாதித் தகவல். பிரமிபெக்சோல் பார்க்கின்சன் நோய்க்கும் கொடுக்கப்படுகிறது, கால் தொல்லைக்கும் கொடுக்கப்படுகிறது. கால் தொல்லைக்கு இரவில் 0.125 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். பார்க்கின்சன் நோயாளி ஒரு நாளில் எடுத்துக்கொள்வது இதைப் போலப் பல மடங்கு. இந்த மாத்திரையை எழுதியதால் உங்கள் கணவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அவருக்கு இருப்பது, தூக்கத்தில் சீரான இடைவெளியில் வரும் கால் அசைவு. ரிப்போர்ட்டில் 'பீரியாடிக் லிம்ப் மூவ்மென்ட்' என்று இருப்பது அதுதான். காலில் நெருஞ்சி முள் குத்தினால் யோசிக்கும் முன்பே பாதத்தை மேலே இழுத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே அசைவுதான் தூக்கத்தில் காரணமில்லாமல் வருகிறது. கட்டைவிரல் நிமிரும், கணுக்கால் மடங்கும், சில சமயம் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து மடங்கும். இந்த இழுப்பைச் செய்கிற நரம்புச் சுற்று தண்டுவடத்தில் இருக்கிறது. விழித்திருக்கும்போது மூளை அதை அடக்கி வைத்திருக்கும். லேசான தூக்கத்தில் அந்தப் பிடி தளர்கிறது. விபத்தில் தண்டுவடம் முழுக்க அறுபட்டு, கால்களை அசைக்கவே முடியாதவர்களிடமும் தூக்கத்தில் இந்த உதறல் பதிவாகியிருக்கிறது. எனவே மனக்கவலையாலோ கெட்ட கனவாலோ அவர் உதைக்கிறார் என்று எண்ண வேண்டாம். கனவு வரும் தூக்கத்தில் இது குறைந்துவிடும். பெரும்பாலும் இரவின் முதல் பாதியில்தான் அதிகம். விடியற்காலையில் நீங்கள் ஒருவழியாகக் கண்ணயர முடிவதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

தூங்க ஆரம்பிக்கும் நொடியில் உடம்பு முழுவதும் ஒரே ஒரு முறை தூக்கிவாரிப் போடுவது எல்லோருக்கும் வரக்கூடியது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம். கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி, வலியில் எழுந்து உட்கார வைக்கும் பிடிப்பும் வேறு.

இனி நீங்கள் கேட்ட பெயருக்கு வருகிறேன். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உங்கள் வீட்டில் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனால் உங்கள் கணவருக்கு இல்லை. உங்களுக்கு.

அது விழித்திருப்பவரின் நோய். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல்தான் அதன் அடையாளம். எறும்பு ஊர்வதுபோல, எலும்புக்குள் குடைவதுபோல, நரம்பை யாரோ இழுப்பதுபோல என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்; நம் ஊரில் பெரும்பாலும் 'குடைச்சல்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உட்கார்ந்தாலோ படுத்தாலோ ஆரம்பிக்கும் அல்லது அதிகமாகும். எழுந்து நடந்தால், நடக்கும் வரையிலாவது குறையும். பகலைவிட மாலையிலும் இரவிலும் மோசமாக இருக்கும். மூட்டு வலி, நரம்பு வீக்கம், பிடிப்பு போன்ற வேறு எதுவும் இதை விளக்கக் கூடாது. இவை அனைத்துக்கும் 'ஆமாம்' என்றால் நோய் உறுதி. ஆய்வு எதுவும் தேவையில்லை, கேட்டறிந்தே முடிவு செய்யலாம். நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனதில் இவற்றில் இரண்டு வந்துவிட்டன. சர்க்கரை நோயில் வரும் பாத எரிச்சல் நடந்தாலும் தீராது. தேய்ந்த முழங்கால் நடந்தால் இன்னும் வலிக்கும். 'நடந்தால் சரியாகிவிடும்' என்பதால் நீங்கள் அதை ஒதுக்கினீர்கள். எனக்கோ அதுதான் முக்கியமான தடயம்.

உங்கள் கணவரைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ அசையாமல் உட்கார்ந்து வருகிறாரா? டிவி முன்னால் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, நடுவில் எழுந்து கூடத்தில் உலாவாமல் இருக்கிறாரா? நிம்மதியாக உட்கார்கிறார் என்றால் அவருக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் இல்லை. இவை இரண்டும் ஒன்றோடொன்று குழம்புவதற்குக் காரணம் உண்டு. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்காவது தூக்கத்தில் இந்த உதறலும் இருக்கும். ஆனால் உதறல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் இருப்பதில்லை. அப்படிப் பார்த்தால், உங்களைத் தூக்க ஆய்வில் படுக்க வைத்தால் உங்கள் காலும் உதறுவதாகப் பதிவாக வாய்ப்பு அதிகம். வீட்டில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 'கடுமையானது' என்ற அந்தச் சொல்லை ஒரு நிமிடம் மறந்துவிட்டு மூன்றாம் பக்கத்துக்குப் போங்கள். அன்று இரவு அவர் தூங்கிய மொத்த நேரம் 6 மணி. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத் தசைமீது ஒட்டியிருந்த ஒயர்கள் பதிந்த அசைவுகள் 228. ஆறால் வகுத்தால் மணிக்கு 38. கண்டபடி காலை அசைப்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஒரு அசைவு அரை நொடி முதல் 10 நொடி வரை நீடிக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 5 முதல் 90 நொடி இருக்க வேண்டும். அப்படிக் குறைந்தது நான்கு வரிசையாக வந்தால்தான் எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 15க்கு மேல் போனால் அதிகம் என்பது வழக்கம்.

ஆனால் 15ஐத் தாண்டுவதும் நோய் என்பதும் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 40 வயதைக் கடந்த பொதுமக்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தூக்க ஆய்வில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் நோயாளிகளாக வந்தவர்கள் அல்லர், தெருவில் நடமாடும் சாதாரண மனிதர்கள். அவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு எண்ணிக்கை 15க்கு மேல் இருந்தது. வயது ஏற ஏற இது கூடும். 63 வயதில் கால் உதறுவது தலை நரைப்பதைப் போல அவ்வளவு சாதாரணம் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் அரிதும் அல்ல. இதை நோய் என்று எழுத வேண்டுமானால் எண்ணிக்கையோடு இன்னும் இரண்டு வேண்டும். அந்த அசைவால் அவருடைய தூக்கமோ பகல் பொழுதோ கெட்டிருக்க வேண்டும். அந்தக் கேட்டுக்கு வேறு காரணம் இருக்கக் கூடாது.

அதனால்தான் 38ஐவிட அதற்கு இரண்டு வரி கீழே இருக்கும் எண் எனக்கு முக்கியமாகப்படுகிறது. அசைவோடு சேர்ந்து மூளை அலையில் மூன்று நொடியாவது விழிப்பின் சாயல் தெரிந்தால் அதைத் தனியே எண்ணுவார்கள். அவருக்கு அப்படி ஆனது 18 முறை, மணிக்கு 3. மீதி 210 உதறலிலும் மூளை தன் பாட்டுக்குத் தூங்கியிருக்கிறது. காலையில் எழுந்து 'நன்றாகத் தூங்கினேன்' என்று அவர் சொல்வதைச் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். மூளை அலையும் அதையேதான் சொல்கிறது.

அந்த 18 விழிப்புகளும்கூட உதறலால் வந்தவையா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியாது. சிலருக்கு விழிப்பு முதலிலும் அசைவு பிறகும் வருவது பதிவாகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் நோயாளிகளில் சிலருக்குப் பிரமிபெக்சோலும் சிலருக்குக் குளோனசிபாமும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் மருந்து உதறலை நிறுத்தியது, விழிப்புகள் அப்படியே இருந்தன. இரண்டாவது விழிப்புகளைக் குறைத்தது, உதறல் அப்படியே இருந்தது. கால் உதைத்ததால்தான் மூளை விழித்தது என்றால் இப்படி நடக்க வழியில்லை. உதறலை அடக்கிவிட்டால் தூக்கம் தானாகச் சீராகிவிடும் என்று நினைத்து மாத்திரை எழுதும் முன், எங்களைப் போன்ற மருத்துவர்கள் இந்த முடிவைத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

அதே பக்கத்தில் மூச்சுத் தடைபடுவது மணிக்கு 6 என்று இருக்கிறது. இதையும் நான் தேடிப் பார்க்கக் காரணம் உண்டு. குறட்டை விட்டு மூச்சு அடைபடுகிறவர், மூச்சு திரும்பும் கணத்தில் உடம்பைக் குலுக்கிக் காலை உதைப்பார். அந்த உதைப்பைக் கால் நோயென்று எடுத்துக்கொண்டு மாத்திரை கொடுத்தால் கோளாறு தொண்டையில் அப்படியே இருக்கும். அவருக்கு மணிக்கு ஆறு மூச்சுத் தடைகள் 38 உதறலை விளக்காது. எனவே இது உண்மையான கால் அசைவுதான். இதே எண் 30 என்று இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். முதலில் மூச்சைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே காலைப் பார்ப்போம். வீட்டிலேயே விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டு செய்யும் சிறிய ஆய்வுகள் பெரும்பாலும் காலைப் பதிவதே இல்லை என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். இன்னொன்று, இந்த உதறல் இரவுக்கு இரவு மிகவும் மாறும். அடுத்த வாரம் எடுத்தால் 20 வரலாம், 50உம் வரலாம்.

எண்களை விட்டுவிட்டு மருந்துச் சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உருப்படியான ஒன்று கிடைத்தது. இரத்த அழுத்த மாத்திரைக்குக் கீழே எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் என்று இருக்கிறது, 20 மாதமாக. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் இந்த வகை மருந்துகளில் பல கால் உதறலை உண்டாக்கும், இருப்பதைக் கூட்டவும் செய்யும். வென்லாஃபாக்சின், மிர்டாசபின், பழைய அமிட்ரிப்டிலின் ஆகியவையும் அப்படியே. நீங்கள் உதறலைக் கவனிக்க ஆரம்பித்ததும் மாத்திரை ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரே காலம். மருந்தால்தான் வந்தது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரையைப் போடும் முன் இதைக் கேட்டாக வேண்டும். எக்காரணம் கொண்டும் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அடங்கியிருந்த மனச்சோர்வும் திரும்பலாம். அந்த மாத்திரை அவருக்கு நன்றாக உதவுகிறது, பகலில் அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்றால், உதறலை அப்படியே விட்டுவிட்டு அதைத் தொடர்வதுதான் சரி.

பகலில் தொல்லை இல்லை என்று நீங்கள் எழுதவில்லை, அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கவனித்துப் பாருங்கள். காலையில் பேப்பர் படிக்கும்போதே கண் சொருகுகிறதா, ஸ்கூட்டர் ஓட்டும்போது தூக்கம் வருகிறதா, இரவில் காரணமில்லாமல் நான்கைந்து முறை விழித்துக்கொள்கிறாரா? இவற்றில் ஏதாவது இருந்தால் அவர் கணக்கு மாறும். அப்போது மருந்து கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஒன்றும் இல்லையென்றால், அவருக்குச் செய்யவேண்டிய சிகிச்சை இல்லை.

பிரமிபெக்சோல் மேல் எனக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்கலாம். முதலில் பிரமாதமாக வேலை செய்யும். மாதங்கள், வருடங்கள் போகப்போக சிலருக்கு அதே மருந்து தொல்லையைக் கிளப்பிவிடும். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உள்ளவர்களுக்கு இரவு பத்து மணிக்கு வந்த குடைச்சல் மாலை ஐந்துக்கே வரும், காலில் இருந்தது கைக்கும் ஏறும். அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். இன்னொரு பக்கம், சிலருக்கு அடக்க முடியாத சூதாட்டமோ கண்டதையெல்லாம் வாங்கும் வெறியோ பிடித்துக்கொள்ளும். ஓய்வூதியப் பணம் கையில் இருக்கும் 63 வயதுக்காரருக்கு இது சிறிய விஷயமில்லை. 2025இல் வந்த அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல், ரெஸ்ட்லெஸ் லெக்ஸுக்கே இதை வழக்கமான மருந்தாகத் தரவேண்டாம் என்கிறது. வெறும் உதறலுக்கு என்று எந்த மருந்தையும் அது சிபாரிசு செய்யவில்லை.

இதயத்துக்குக் கெடுதல் வருமா என்ற கவலை உங்களுக்கு இணையத்தில் படித்து வந்திருக்கக்கூடும். ஒவ்வொரு உதறலின்போதும் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சில நொடிகள் ஏறி இறங்குவது உண்மை. உதறல் அதிகமுள்ளவர்களிடம் இதயக் கோளாறு சற்று அதிகம் என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. ஆனால் உதறலை மருந்தால் நிறுத்தினால் இதயம் காப்பாற்றப்படும் என்று எவரும் நிரூபிக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே அழுத்தம் இருப்பதால், காலையில் எழுந்தவுடன் ஒரு வாரம் அதை அளந்து குறித்து வையுங்கள். அது கட்டுக்குள் இருக்கிறதா என்பது 38ஐவிட அவர் இதயத்துக்கு முக்கியம்.

எந்த நிலையில் நான் அவசரப்படுவேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விடியலை ஒட்டி, கால் மட்டுமல்லாமல் கையையும் ஓங்கி அடித்து, கத்தி, கட்டிலிலிருந்து விழுந்து, எழுப்பினால் 'யாரோ துரத்தினார்கள்' என்று கனவைச் சொன்னால் அது முற்றிலும் வேறு நோய். கனவுத் தூக்கத்தில் உடம்பு அசையாமல் இருக்கவேண்டிய ஏற்பாடு கெட்டுப்போவதால் வருவது அது. பிற்காலத்துப் பார்க்கின்சனுக்கு முன்னறிகுறியாக இருக்கக்கூடியதும் அதுதான், கணவரின் பாத இழுப்பு இல்லை. அதேபோல ஒரே பக்கக் கையும் காலும் வெட்டி இழுத்து, நாக்கு கடிபட்டு, படுக்கை நனைந்தால் வலிப்பு நோய்க்கான சோதனை வேண்டும்.

இப்போது உங்களுக்கு. நாளையோ மறுநாளோ காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், இரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் இரண்டையும் பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. இரத்தத்தில் இரும்பு சரியாக இருந்தும் மூளையில் குறைவாக இருப்பது இந்த நோயின் அடிப்படைகளில் ஒன்று, ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வகத் தாளில் ஃபெரிட்டின் 15 இருந்தாலே 'நார்மல்' என்று அச்சடித்திருப்பார்கள். ரெஸ்ட்லெஸ் லெக்ஸுக்கு அந்த அளவு செல்லாது. ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே, அல்லது சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு மாத்திரை கொடுப்போம். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் வாரத்தில் சோதிக்காதீர்கள். அப்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும்.

மாத்திரை தினம் ஒன்றோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ போதும், இரண்டு மூன்று என்று போட்டால் வயிறுதான் கெடும். காபி, டீ, பாலோடு சாப்பிட்டால் இரும்பு உடம்பில் ஏறாது. எலுமிச்சைச் சாற்றோடு, காபிக்கு இரண்டு மணி நேரம் தள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம். மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகும் இரும்பு குறைவாக இருந்தால் அது எங்கே போகிறது என்று டாக்டர் தேட வேண்டும். வயிற்றிலோ குடலிலோ கசிவு இருக்கலாம், அதை இரும்பு மாத்திரையால் மூடி மறைக்கக் கூடாது. சளிக்குத் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை, வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட் என்று எதையாவது அடிக்கடி போடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இரண்டும் குடைச்சலைக் கூட்டும். சாயங்காலக் காபியை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். இரும்பு போதுமான அளவில் இருந்தும் குடைச்சல் வாரத்தில் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தால், காபாபென்டின் அல்லது பிரீகாபலின் வகை மருந்தை உங்கள் டாக்டர் யோசிப்பார். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதன் அளவை முடிவு செய்வார்.

அவர் உதறலால் நீங்கள் விழித்துக்கொள்வதற்கு வழி கட்டிலில்தான் இருக்கிறது. ஒரே மெத்தையில் படுக்காதீர்கள். இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டு, தனித்தனி மெத்தை, தனித்தனிப் போர்வை வைத்தால் அவர் இழுப்பு உங்களுக்கு வந்து சேராது. ஊரில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தயங்குகிறவர்களை நான் நிறையவே சந்திக்கிறேன். படுக்கையறையை யாரும் வந்து பார்ப்பதில்லை.

டாக்டரிடம் போகும்போது அவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். மணிக்கு 3 விழிப்பு மட்டும் இருக்கும்போது இந்த மாத்திரையால் என் கணவருக்கு என்ன பயன்? எஸ்சிட்டலோபிராமுக்கும் இந்த உதறலுக்கும் தொடர்பு இருக்கலாமா, மனநல மருத்துவரோடு பேசி மாற்ற முடியுமா? அவருடைய ஃபெரிட்டினையும் ஒருமுறை பார்த்துவிடலாமா? பிறகு உங்கள் இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்து நீட்டுங்கள்.